‘மௌனித்தாள்’ செய்த தப்பு

கீழே இருப்பவை பத்தே வரிகள். இந்தக் கட்டுரையில் காட்டுவதற்கென்றே எழுதப்பட்டவை. மனசுக்குள் படிக்காமல் வாய்விட்டு ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

அம்மா ஃபோன் செய்தாள்.
சாப்பிட்டியா என்று கேட்டாள்.
சாப்பிட்டேன் என்றேன்.
என்ன குழம்பு என்றாள்.
கொஞ்சம் யோசித்துவிட்டு
வத்தக்குழம்பு என்றேன்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
ரொம்ப நேரம் மௌனித்தாள்.
பிறகு
இங்கே மழை என்றாள்.

மகனோ மகளோ, வெளியூரில் இருக்கும் யாரோ சாப்பிடவில்லை. சாப்பிட்டதாகச் சொல்லும் பொய் அம்மாவுக்குத் தெரிந்துவிடுகிறது. தெரிந்துவிட்டது என்று அவள் காட்டிக்கொள்வதில்லை, பேச்சை மாற்றுகிறாள். சொல்ல வந்தது இவ்வளவுதான். ஆனால் வாய்விட்டுப் படித்தவர்கள் எட்டாவது வரியில் ஒரு தடுக்கலை உணர்ந்திருப்பார்கள். அதுவரை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொல்வதுபோல வந்த குரல், ‘மௌனித்தாள்’ என்ற இடத்தில் திடீரென்று மைக் முன்னால் போய் நின்றுகொள்கிறது. அடுத்த வரியில் மறுபடியும் திண்ணைக்கு வந்துவிடுகிறது. அந்த ஒரு சொல் மட்டும் வேறு யாருடைய வாயிலிருந்தோ வந்திருக்கிறது.

இப்படி ஒரு சொல் உறுத்துகிறது என்பது நிறையப் பேருக்குத் தெரியும். எது என்று சுட்டிக்காட்டச் சொன்னால்தான் விரல் தப்பான இடத்துக்குப் போகிறது. இந்தப் பத்து வரியைக் கொடுத்தால் சிலர் ‘ஃபோன்’ என்பதைக் காட்டக்கூடும், ஆங்கிலச் சொல் ஆயிற்றே என்று. இன்னும் சிலர் ‘வத்தக்குழம்பு’ என்பதை ‘வற்றல் குழம்பு’ என்று திருத்தலாம் என்பார்கள். இரண்டுமே குற்றமற்றவை. அவற்றைத் திருத்தினால் உறுத்தும் சொற்கள் ஒன்றிலிருந்து மூன்றாகிவிடும்.

சரி, ‘மக்கள் பேசாத சொல் எதுவோ அதுதான் உறுத்தும்’ என்று ஒரு விதி வைத்துக்கொண்டால் போதாதா? போதாது. தமிழில் இந்த விதி முதல் வரியிலேயே உடைந்துவிடும். ‘செய்தாள்’ என்று எந்த ஊரில் யார் பேசுகிறார்கள்? ‘சொல்லவில்லை’ என்று யாரும் சொல்வதில்லை. ‘சொல்லல’ என்பார்கள், ‘சொல்லலே’ என்பார்கள். ‘என்றேன்’ என்பது பேச்சில் ‘ன்னேன்’ என்று சுருங்கி முந்தைய சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்ளும். கண்டிப்பாகப் பார்த்தால், அம்மாவின் ‘சாப்பிட்டியா’வைத் தவிர, இந்தக் கவிதையின் வினைச்சொற்களில் ஒன்றுகூடப் பேச்சுமொழி இல்லை. மற்றவை எல்லாம் எழுத்துத் தமிழ். ஆனாலும் கவிதை பேசுவதுபோலத்தான் கேட்கிறது. எழுத்துத் தமிழின் ஒரு வினை உறுத்துகிறது. அதே எழுத்துத் தமிழின் மற்ற வினைகள் உறுத்தவில்லை. ஏன்?

விடை தமிழ் வாசகரின் காதுக்குள் இருக்கிறது. எழுதும் தமிழும் பேசும் தமிழும் வேறு வேறாக இருப்பது நமக்குப் புதிதல்ல. சார்லஸ் ஃபெர்குசன் என்ற மொழியியலாளர் இப்படி இரண்டு வழக்குகளோடு வாழும் மொழிகளைப் பற்றிய புகழ்பெற்ற கட்டுரையை 1959-இல் வெளியிட்டார். அவர் விரிவாக எடுத்துக்கொண்ட மொழிகளில் தமிழ் இல்லை என்றாலும், இன்றைக்கு இந்தப் பொருளைப் பேசுகிறவர்கள் தமிழை விட்டுவிட்டுப் பேசுவதில்லை. தற்செயலாக அதே 1959 ஜனவரியில்தான் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கினார். தமிழில் புதுக்கவிதைக்கு வீடாக அமைந்த பத்திரிகை அது. யாப்பை விட்டு வெளியே வந்த கவிதை, பேசும் குரலை நோக்கி நடந்தது. ஆனால் பேச்சுத் தமிழின் எழுத்துருவத்தை அது பெரும்பாலும் எடுத்துக்கொள்ளவில்லை. ‘வந்தா’, ‘போனா’ என்று எழுதாமல் ‘வந்தாள்’, ‘போனாள்’ என்றே எழுதிக்கொண்டு, வாக்கியம் நடக்கும் விதத்தில் மட்டும் பேச்சைக் கொண்டுவந்தது. இன்றும் தமிழில் பேச்சுத்தொனிக் கவிதைகளில் பெரும்பங்கு இந்த வகைதான்.

இது நடப்பதற்குக் காரணம், வாசகர் படிக்கும்போதே மனசுக்குள் மாற்றிக்கொள்கிறார். கண் ‘கேட்டாள்’ என்று பார்க்கிறது, உள்காது ‘கேட்டா’ என்று கேட்கிறது. இருக்கிறது என்றால் இருக்கு. போகவில்லை என்றால் போகல. பள்ளிக்கூடத்தில் முதல் பாடம் படித்த நாளிலிருந்து ஓயாமல் செய்துவரும் வேலை என்பதால், செய்கிறோம் என்ற நினைப்பே இருப்பதில்லை. எந்தச் சொல்லுக்கு இந்த மாற்றம் தடையில்லாமல் நடக்கிறதோ அந்தச் சொல் எழுத்து வடிவத்தில் இருந்தாலும் பேச்சாகவே காதில் விழும். எந்தச் சொல்லுக்கு மாற்றிக்கொள்ள ஒரு பேச்சு வடிவம் இல்லையோ அங்கே உள்காது தடுக்கி நிற்கும். உறுத்தல் என்பது அந்தத் தடுக்கல்தான்.

ஆகவே சொல்லைப் பிடிக்கும் வழியும் இதிலேயே இருக்கிறது. கவிதையை முழுக்கப் பேச்சு வழக்கில் சொல்லிப் பார்க்க வேண்டும். எழுத வேண்டியதில்லை, வாயால் சொன்னால் போதும்.

அம்மா ஃபோன் செஞ்சா. சாப்ட்டியான்னு கேட்டா. சாப்ட்டேன்னேன். என்ன கொழம்புன்னா. கொஞ்சம் யோசிச்சுட்டு வத்தக்கொழம்புன்னேன். அவ ஒண்ணும் சொல்லல. ரொம்ப நேரம்…

இங்கே வாய் நின்றுவிடுகிறது. யோசித்தாள் என்பது யோசிச்சா என்று ஆகும் என்றால், அதே கணக்குப்படி மௌனித்தாள் என்பது ‘மௌனிச்சா’ என்று ஆக வேண்டும். இலக்கணம் அந்த வடிவத்தைத் தந்துவிடுகிறது. சொல்லிப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. எந்த வீட்டிலும் யாரும் யாரையும் பார்த்து ‘ஏண்டி மௌனிக்கிறே’ என்று கேட்டதில்லை. ‘ஏன் பேசாம இருக்கே’ என்பார்கள். சந்தேகம் வரும் எந்தச் சொல்லையும் இப்படிச் சோதிக்கலாம். வினவினாள் என்பது ‘வினவுனா’ ஆகிறது, கேட்டதே இல்லை. எனினும், ஆயினும் இரண்டுக்கும் பேச்சில் வழியே இல்லை. ஆனால் என்பது ‘ஆனா’ என்று வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. கண் என்றால் கண்ணு. விழிக்கு அப்படி ஒன்று இல்லை. வீடு மாறும், இல்லம் மாறாது.

சில நேரம் சொல் சாதாரணமாகவே இருக்கும், வால்தான் வேறாக இருக்கும். இதைக் கண்டுபிடிப்பது கொஞ்சம் கடினம், ஏனென்றால் அகராதியில் தேடினால் சொல் எளிய சொல்லாகவே இருக்கும். ‘அம்மாவைப் பார்த்திட ஊருக்குப் போனேன்’ என்ற வரியில் பார்ப்பது, ஊர், போவது எல்லாமே அன்றாடச் சொற்கள். ஆனால் ‘பார்த்திட’ என்பதில் உள்ள அந்த ‘இட’ சுவரொட்டியிலிருந்து வந்தது: காத்திட, வென்றிட, அணிதிரண்டிட. பேச்சில் ‘பாக்க’ என்பார்கள். எழுத்தில் ‘பார்க்க’ என்றாலே போதும். இதே போல ‘நெஞ்சினிலே’, ‘வீட்டினில்’ என்று நடுவில் ஒரு ‘இன்’ நுழைந்தாலும் குரல் பாட்டாகிவிடுகிறது. சினிமாப் பாட்டில் மெட்டை நிரப்ப ஓர் அசை வேண்டியிருக்கும். மெட்டே இல்லாத கவிதையில் அந்த அசைக்கு வேலை என்ன என்று யோசித்தாலே கை அதை நீக்கிவிடும்.

உறுத்துவது எப்போதும் உயர்ந்த சொல்லாகத்தான் இருக்கும் என்றும் நினைத்துவிடக் கூடாது. கீழே ஒரு சின்னத் துணுக்கு, இதுவும் காட்டுவதற்காக எழுதியதே:

மழைக்கு ஒதுங்கிய டீக்கடையில்
பெஞ்சு நிறைய ஆள்.
ஓரத்தில் இருந்தவர்
பேப்பரை மடித்து
எனக்கு இடம் ஏற்படுத்தித் தந்தார்.

இதில் கவித்துவச் சொல் ஒன்றுமில்லை. ஆனாலும் கடைசி வரியில் டீக்கடை மறைந்து ஏதோ ஒரு விழாவின் நன்றியுரை கேட்கிறது. ‘ஏற்படுத்தித் தந்தார்’ என்பது அறிக்கைத் தமிழ். செய்தித்தாளும் அரசாங்க அலுவலகமும் ஆண்டறிக்கையும் சேர்ந்து வளர்த்த தமிழ் அது. தெரிவித்தார், மேற்கொண்டார், ஈடுபட்டார் எல்லாம் அந்தக் குடும்பம்தான். ‘மற்றும்’ என்ற சொல்லும் அப்படித்தான். ‘அம்மா மற்றும் அத்தை வந்தார்கள்’ என்று திருமண அழைப்பிதழ் சொல்லலாம். வீட்டில் ‘அம்மாவும் அத்தையும் வந்தாங்க’. நாள் முழுக்க இந்தத் தமிழைப் படிப்பதாலும் எழுதுவதாலும், உயர்ந்த சொல்லைவிட இது எழுதுபவரின் காதுக்குத் தப்பிவிடுகிறது. டீக்கடைத் துணுக்கில் திருத்தம் சுலபம்: ‘கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்’. அவர் செய்த காரியமும் அதுதானே. இடத்தை அவர் எங்கிருந்தும் ஏற்படுத்தவில்லை.

இந்தச் சொற்கள் ஏன் உள்ளே வருகின்றன என்று பார்த்தால், எங்கே தேட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். பெரும்பாலும் இரண்டு காரணங்கள்தான்.

ஒன்று, திரும்பச் சொல்லப் பயம். பள்ளிக்கூடக் கட்டுரையில் ஒரே சொல் இரண்டுமுறை வந்தால் வேறு சொல் போடச் சொல்லிப் பழக்கியிருக்கிறார்கள். அந்தப் பழக்கம் கவிதையிலும் கூடவே வருகிறது. மேலே உள்ள கவிதையில் ‘என்றாள்’, ‘என்றேன்’ மாறிமாறி வருகின்றன. இதைப் பார்த்துக் கை அரிக்கும். ஓர் இடத்தில் ‘வினவினாள்’, இன்னோர் இடத்தில் ‘பதிலளித்தேன்’, மூன்றாவது இடத்தில் ‘பகன்றாள்’ என்று போட்டுவிடத் தோன்றும். ஆனால் பேச்சில் நாம் ஒரு சண்டையை விவரிக்கும்போது ‘நான் இப்படிச் சொன்னேன், அவ அப்படின்னா, நான் அதுக்கு இப்படின்னேன், அவ உடனே அப்படின்னா’ என்று எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்கிறோம். கேட்பவருக்கு அலுப்பதில்லை. அந்தத் திரும்பத் திரும்ப வருவதுதான் பேச்சின் தாளம். ஆகவே ஒரு கவிதையில் சொல்லுதல், கேட்டல், பார்த்தல், போதல் போன்ற சாதாரண வினைகளுக்கு எங்கெல்லாம் மாற்றுச்சொல் வந்திருக்கிறதோ அங்கெல்லாம் முதலில் போய்ப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது காரணம் கொஞ்சம் ஆழமானது. கவிதை முடியப்போகிறது என்று தெரிந்ததும் எழுதுபவருக்கு ஒரு பதற்றம் வருகிறது. இவ்வளவு நேரம் குழம்பு, மழை, டீ என்று பேசிக்கொண்டிருந்தோமே, இது கவிதைதான் என்று வாசகருக்குப் புரியுமா? அந்த இடத்தில் குரல் தானாக உயர்கிறது. ஏகாந்தம், பிரபஞ்சம், வெறுமை, நிசப்தம் எல்லாம் அங்கேதான் கதவைத் தட்டுகின்றன. அதனால்தான் உறுத்தும் சொல்லைக் கவிதையின் முதல் வரிகளைவிடக் கடைசி வரிகளில் தேடுவது பலன் தரும். நம் ‘மௌனித்தாள்’ எட்டாவது வரியில் இருப்பது தற்செயல் அல்ல.

இனி, பிடித்த சொல்லை என்ன செய்வது?

முதலில் தோன்றுவது மாற்றுச்சொல். ‘ரொம்ப நேரம் மௌனமாக இருந்தாள்’ என்று போட்டுப் பார்க்கலாம். கொஞ்சம் இறங்கிவிட்டது, ஆனால் முழுக்க இறங்கவில்லை. மௌனம் என்ற சொல்லுக்கே தமிழ்க் கவிதையில் ஒரு மாலையும் மரியாதையும் சேர்ந்துவிட்டது. ‘ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள்’ என்றால் இப்போது உறுத்தல் போய்விட்டது. ஆனால் வேறொன்று கண்ணில் படுகிறது. ஏழாவது வரி ‘அவள் ஒன்றும் சொல்லவில்லை’. எட்டாவது வரி ‘ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள்’. இரண்டும் ஒன்றுதான்! ‘மௌனித்தாள்’ என்ற பகட்டான சட்டை போட்டிருந்ததால்தான் இரண்டாவது வரி புதிதாக ஏதோ சொல்வதுபோலத் தோன்றியது. சட்டையைக் கழற்றியதும் உள்ளே ஆளே இல்லை என்பது தெரிந்துவிட்டது.

உறுத்தும் சொற்கள் பல நேரம் இப்படித்தான் இருக்கின்றன. சொல் தவறு என்பதைவிட, அந்த வரி தேவையே இல்லை என்பதன் அடையாளம் அது. முந்தைய வரி தன் வேலையைச் செய்துவிட்டதா என்று எழுதுபவருக்குச் சந்தேகம். அதனால் அதே விஷயத்தை இன்னும் சத்தமாக ஒருமுறை சொல்கிறார்.

வரியை எடுத்துவிட்டால்:

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு
இங்கே மழை என்றாள்.

நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஒரு நஷ்டமும் இருக்கிறது. ‘ரொம்ப நேரம்’ போய்விட்டது. அம்மா உடனே மழையைப் பற்றிப் பேசிவிட்டால் அவளுக்குப் பொய் புரியவில்லை என்றுகூட எடுத்துக்கொள்ளலாம். அந்த இடைவெளி கவிதைக்கு வேண்டும். ‘பிறகு’ என்ற சொல் தனி வரியில் நிற்பதால் கொஞ்சம் இடைவெளி கிடைக்கிறது. போதுமா என்பது ருசியைப் பொறுத்தது. போதாது என்று நினைப்பவர், இடைவெளியை வருணிப்பதற்குப் பதிலாக அந்த இடைவெளியில் ஃபோனில் என்ன கேட்டது என்று யோசிக்கலாம். இரண்டு பேரும் பேசவில்லை என்றால் மறுமுனையில் இருக்கும் வீடு கேட்கும்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
குக்கர் விசில் அடித்தது.
பிறகு
இங்கே மழை என்றாள்.

சோறு வெந்துகொண்டிருக்கும் வீடு ஒன்று, வெறும் வயிற்றோடு ஒருவர் இன்னொரு பக்கம். ‘மௌனித்தாள்’ செய்ய முயன்று செய்யாமல் விட்டதை விசில் செய்துவிடுகிறது. பேச்சாக மாற்றினாலும் தடையில்லை: குக்கர் விசில் அடிச்சுது.

பெரிய இடைஞ்சலை எடுத்ததும் சின்னது ஒன்று வெளியே தெரிகிறது. முதல் வரி ‘அம்மா ஃபோன் செய்தாள்’. ஃபோன் செஞ்சா என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், தவறில்லை. ஆனால் பரவலாகக் காதில் விழுவது ‘ஃபோன் பண்ணினா’. பண்ணுவது கொச்சை, செய்வதே நல்ல தமிழ் என்று பள்ளியில் கேட்டு வளர்ந்த கை தானாகத் திருத்திவிட்டது. ‘அம்மா ஃபோன் பண்ணினாள்’ என்று போட்டால் முதல் வரியிலேயே குரல் சரியான உயரத்தில் உட்கார்ந்துவிடும். இது கட்டாயமல்ல, விருப்பம்.

இங்கே நின்றுவிடுவது நல்லது. திருத்தும் சூட்டில் எல்லாவற்றையும் ‘கேட்டா’, ‘சொல்லல’, ‘யோசிச்சுட்டு’ என்று மாற்றத் தொடங்கினால் வேறு சிக்கல் வரும். முழுப் பேச்சு உருவத்தில் எழுதினால் உடனே ‘எந்த ஊர்ப் பேச்சு’ என்ற கேள்வி எழுந்துவிடும். ‘கேட்டாள்’ என்பதைத் திருநெல்வேலிக்காரர், கோயம்புத்தூர்க்காரர், தஞ்சாவூர்க்காரர் எல்லாரும் அவரவர் அம்மாவின் குரலில் கேட்டுக்கொள்வார்கள். ஊர்ப்பேச்சை அப்படியே எழுதினால் அது ஓர் ஊரின் அம்மாவாகிவிடுவாள். அதுவும் நல்ல கவிதைக்கு வழிதான், ஆனால் வேறு கவிதை. பாதி வரி ஓர் உருவம், பாதி வரி இன்னோர் உருவம் என்று நின்றுவிட்டால் அது ஒரு சொல்லின் கோளாறு அல்ல, தளமே சாய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஒரே விலக்கு, அடுத்தவர் பேச்சை அப்படியே கொடுக்கும் இடம். ‘சாப்பிட்டியா’ என்பது அம்மாவின் வாய்ச்சொல். கதைகளில் எழுத்தாளரின் நடை ஒன்றாகவும் பாத்திரங்களின் பேச்சு வேறாகவும் இருப்பதைப் புதுமைப்பித்தன் காலத்திலிருந்தே தமிழ் வாசகர் ஏற்றுக்கொண்டுவிட்டார். அங்கே ‘சாப்பிட்டாயா’ என்று போட்டால்தான் உறுத்தும்.

ஊர் விஷயம் வந்ததால் இந்தச் சோதனையின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். பேச்சாக மாறுமா என்று கேட்கும்போது ‘யாருடைய பேச்சு’ என்று சேர்த்துக் கேட்க வேண்டும். சென்னையில் வளர்ந்தவருக்கு ‘உறக்கம்’ கவிதைச் சொல். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரருக்கு அது தினமும் ராத்திரி வருவது. ‘நித்திரை’ தமிழ்நாட்டில் பழைய தாலாட்டை நினைவூட்டும். யாழ்ப்பாணத்தில் ‘நித்திரை வருது’ என்பது வெறும் கொட்டாவி. யாழ்ப்பாணத்துக் கவிஞரின் வரியில் அதைப் பார்த்து ‘அலங்காரம்’ என்று சென்னை ஆசிரியர் கோடு போட்டால் தப்பு ஆசிரியருடையது. சந்தேகம் இருந்தால் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைப் பார்க்கலாம். 1992-இல் முதலில் வந்த அந்த அகராதி, உயர் வழக்கு, பேச்சு வழக்கு, வட்டார வழக்கு, இலங்கை வழக்கு என்றெல்லாம் சொற்களுக்குப் பக்கத்தில் குறிப்புத் தருகிறது. கரிசல் வட்டாரச் சொல்லென்றால் கி. ராஜநாராயணன் தொகுத்த வட்டார வழக்குச் சொல்லகராதி இருக்கிறது.

அகராதியும் முடிந்த முடிவல்ல. சொற்கள் இடம் மாறுகின்றன. ‘மகிழ்ச்சி’ என்பது நீண்ட காலம் மேடையிலும் வாழ்த்து மடலிலும் வாழ்ந்த சொல், வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம்தான். 2016-இல் ‘கபாலி’ படத்தில் ரஜினிகாந்த் அதைச் சொன்ன பிறகு டீக்கடை வரை இறங்கி வந்துவிட்டது, பாதி கேலியாகவாவது. அதற்கு முன் எழுதிய பேச்சுக் கவிதையில் அது உறுத்தியிருக்கும். இன்று அதே இடத்தில் ஒரு சின்னச் சிரிப்பைக் கொண்டுவரக்கூடும்.

சிரிப்பு என்றதும் இன்னொன்று. வேண்டுமென்றே வைத்த உறுத்தலும் உண்டு. உயர்ந்த தொனியையும் அன்றாடப் பேச்சையும் உரசவிட்டு அங்கதம் செய்வது புதுக்கவிதைக்கு நன்றாகத் தெரிந்த வித்தை. ஞானக்கூத்தன் (1938–2016) அதில் கைதேர்ந்தவர். தொல்காப்பியமே செய்யுளுக்கு உரியவை என்று இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் நான்கையும் சொல்கிறது. எந்தச் சொல்லையும் வாசலில் நிறுத்தவில்லை. ஆக, கடினமான சொல் கவிதைக்குள் வரலாமா என்பதல்ல பிரச்சினை. கவனக்குறைவாக வந்ததா, காரணத்தோடு வந்ததா என்பதுதான். அதை எப்படித் தெரிந்துகொள்வது? இன்னொரு துணுக்கு:

பட்டாவுக்கு எழுதிப் போட்டு
நாலு மாதம் ஆகிறது.
நேற்று மெசேஜ் வந்தது.
தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது.
அப்பாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.
பரிசீலனை எந்த ஊர்ப்பக்கம் என்றார்.

நாலாவது வரி முழுக்க அறிக்கைத் தமிழ். பேச்சாக மாற்றவே முடியாது. ஆனாலும் அதை நீக்கக் கூடாது, மாற்றவும் கூடாது. ஏனென்றால் அந்தச் சொல் அந்நியமானது என்பது கவிதைக்குள் இருக்கும் ஒருவருக்கே தெரிகிறது. அப்பா அதைக் கேட்கிறார், அதற்குப் பதில் சொல்கிறார். ‘மௌனித்தாள்’ அப்படியல்ல. அந்தச் சொல் விநோதமாக இருக்கிறது என்று அம்மாவுக்கும் தெரியாது, பேசுபவருக்கும் தெரியாது, அடுத்த வரிக்கும் தெரியாது. வாசகருக்கு மட்டும்தான் தெரிகிறது. உறுத்தும் சொல்லுக்குக் கவிதைக்குள்ளேயே யாராவது திரும்பிப் பார்க்கிறார்களா என்று தேடிப் பார்த்தால் பெரும்பாலும் தீர்ப்பு கிடைத்துவிடும்.

எழுதியவரே இதையெல்லாம் தன் கவிதையில் செய்வது கஷ்டம். எத்தனையோ தடவை படித்துப் பழகிய வரி, காதில் வழவழப்பாகிவிடும். அதற்கு ஓர் எளிய உபாயம், கவிதையை முன்பே பார்க்காத ஒருவரிடம் தாளைக் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்வது. இலக்கியம் படித்தவராக இருக்க வேண்டியதில்லை. இல்லாமலிருந்தால் இன்னும் நல்லது. எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டாம். ‘சூப்பரா இருக்கு’ என்றுதான் பதில் வரும். அவர் குரலை மட்டும் கவனிக்க வேண்டும். சாதாரணமாகப் படித்துக்கொண்டு வருபவர் ஏதாவது ஒரு சொல்லில் வேகம் குறைத்து, எழுத்தெழுத்தாக உச்சரித்து, லேசாக மேடைக்குரலுக்குப் போவார். அந்த இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டால் போதும். இரண்டாவது ஆளும் அதே இடத்தில் குரல் மாற்றினால் பிறகு விவாதமே இல்லை.

கடைசியாக, கவிதை வெளியிடும் பத்திரிகை ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உறுத்தும் சொல்லை எப்போதும் கவிஞர்தான் வைக்கிறார் என்று சொல்ல முடியாது. ‘பஸ்’ என்று வந்தால் ‘பேருந்து’, ‘ஃபோன்’ என்று வந்தால் ‘தொலைபேசி’, ‘டீ’ என்று வந்தால் ‘தேநீர்’ என்று மாற்றும் பழக்கம் செய்திக் கட்டுரைக்குச் சரியாக இருக்கலாம். அதே பழக்கத்தில் கவிதையின் மேலும் பேனா ஓடினால், உறுத்தலே இல்லாத ஒரு கவிதைக்குள் அச்சகத்துக்குப் போகும் வழியில் ஓர் உறுத்தல் ஏறிவிடும். அச்சில் வந்த பிறகு அது கவிஞரின் தவறாகத்தான் படிக்கப்படும். கவிதைப் பக்கத்தில் ஒரு சொல்லை மாற்றுவதற்கு முன் அதை எழுதியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.